உள் தணிக்கையா, வெளித் தணிக்கையா? பி.காம். பட்டதாரியின் முதல் பணி குறித்து

(ஜமாஅத் கல்விக் குழுவின் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது மஹல்லாவில் வணிகவியல் பயின்று தேறும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடி வருகிறது. அவர்களில் கணக்குத் தணிக்கைத் துறைக்குச் செல்ல விரும்புவோர் தவறாமல் ஒரு கேள்வியோடு வருகின்றனர். ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து பல நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வெளித் தணிக்கைப் பணியில் தொடங்குவதா, அல்லது ஒரு நிறுவனத்திலேயே அமர்ந்து அதன் செயல்பாடுகளை ஆராயும் உள் தணிக்கைப் பணியில் தொடங்குவதா என்பதே அக்கேள்வி. சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டு இதற்கு விடை கூறுவது முறையாகாது. முதல் மூன்று ஆண்டுகளில் எந்தப் பணி எதைக் கற்றுத் தருகிறது என்பதை அறிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். அதையே இன்று நாம் எடுத்துரைக்க விழைகிறோம்.

இரண்டும் கேட்கும் கேள்விகள் வேறு

இவ்வேறுபாட்டை நமது ஜமாஅத்தின் கணக்கிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கு இடம்பெறுகிறது. அதன் அடியில் ஆடிட்டரின் கையொப்பம் இருக்கிறது. சந்தா ரசீதின் அடிக்கட்டை, கடை வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், செலவுச் சீட்டு ஆகியவற்றைப் பார்த்து, அறிக்கையில் உள்ள தொகைகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றனவா என்று அவர் கருத்துக் கூறுகிறார். இது வெளித் தணிக்கை. ஜமாஅத்துக்கு வெளியே உள்ள ஒருவர், கணக்கை நம்பிப் பணம் தரும் மக்களுக்காகச் செய்யும் பணி இது.

ஆனால் உண்டியல் எப்படித் திறக்கப்படுகிறது? சாவி ஒருவரிடமா, இருவரிடமா? எண்ணும்போது எத்தனை பேர் உடனிருக்கின்றனர்? எண்ணி முடித்த தொகை அன்றைக்கே குறிப்பேட்டில் ஏறி, மறுநாளே வங்கிக்குச் செல்கிறதா? வாடகை பாக்கி வைத்திருப்பவரை யார், எப்போது கேட்கின்றனர்? இவற்றை ஆண்டு முழுவதும் உள்ளிருந்து ஆராய்ந்து, குறை கண்டால் நிர்வாகத்துக்குச் சொல்வது உள் தணிக்கை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் ஏறிய வரவை வெளித் தணிக்கையாளர் சரிபார்க்க இயலும். புத்தகத்தில் ஏறாமலே போன ரொக்கத்தை அவர் பின்னர் வந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதைத் தடுப்பது இரண்டு சாவிகளும், மூன்று பேர் சேர்ந்து எண்ணும் வழக்கமுமே. ஆகவே ஒரு தணிக்கை மற்றொன்றின் வேலையைச் செய்துவிடாது.

சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்துள்ளது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் வெளித் தணிக்கை கட்டாயம். பயிற்சிச் சான்று பெற்ற சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் மட்டுமே அதில் கையொப்பமிட முடியும். உள் தணிக்கை எல்லாக் கம்பெனிகளுக்கும் கட்டாயமன்று. அச்சட்டத்தின் 138ஆம் பிரிவும் அதன் விதிகளும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மற்றக் கம்பெனிகளுக்கும் அதைக் கட்டாயமாக்குகின்றன. தனியார் கம்பெனியாயின் விற்பனை ரூ.200 கோடியை எட்டியிருந்தாலோ, வங்கிக் கடன் ரூ.100 கோடியைத் தாண்டியிருந்தாலோ அது பொருந்தும். உள் தணிக்கையாளராக சி.ஏ., காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆகியோரையோ, இயக்குநர் குழு தகுதியுள்ளவர் எனக் கருதும் வேறு தொழில்முறை அறிஞரையோ நியமிக்கலாம். ஒரு கம்பெனியின் வெளித் தணிக்கையாளரே அதன் உள் தணிக்கையையும் செய்வதை 144ஆம் பிரிவு தடை செய்கிறது. தான் செய்த வேலையைத் தானே சோதிப்பது சோதனையாகாது அல்லவா?

ஒரே தொழிற்சாலை, இரண்டு பார்வைகள்

நமது பகுதியினர் நன்கறிந்த தோல் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஆம்பூர்ப் பக்கம் ஷூ தயாரித்து ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் ஆண்டு லாபம் ரூ.4 கோடி. மார்ச் 31 அன்று சரக்கறையில் 2,40,000 சதுர அடி பதனிட்ட தோல், சதுர அடி ரூ.150 வீதம் ரூ.3 கோடியே 60 லட்சம் என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது.

வெளித் தணிக்கைக் குழுவில் சேர்ந்த புதிய பட்டதாரியை அந்நாளில் அங்கே அனுப்புவார்கள். முதலில் புத்தகத்திலிருந்து சில தோல் கட்டுகளின் எண்களைத் தேர்ந்து, அவை தரையில் இருக்கின்றனவா என்று அவர் பார்ப்பார். பிறகு தரையில் கிடக்கும் சில கட்டுகளைத் தாமே தேர்ந்து, அவை புத்தகத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். இல்லாத சரக்கை எழுதியிருந்தால் முதல் சோதனை காட்டும். இருக்கும் சரக்கை எழுதாமல் விட்டிருந்தால் இரண்டாவது சோதனை காட்டும். ஒரு திசையில் மட்டும் பார்த்துத் திரும்புபவர் பாதி வேலையைத்தான் செய்தவராவார்.

அன்றைய கடைசிச் சரக்கு வரவுச் சீட்டின் எண்ணையும் அவர் குறித்துக்கொள்வார். இரண்டு மாதம் கழித்துக் கணக்கைப் பார்க்கும்போது அந்த எண்தான் கைகொடுக்கும். மார்ச் 30 அன்று வந்திறங்கிய ரூ.12 லட்சம் பெறுமான தோல் இருப்பில் எண்ணப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கான பில் ஏப்ரல் மாதக் கொள்முதலில் எழுதப்பட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். சரக்கு இவ்வாண்டிலும் அதன் செலவு அடுத்த ஆண்டிலும் விழுந்துவிட்டதால், இவ்வாண்டு லாபம் ரூ.12 லட்சம் கூடுதலாகக் காட்டப்பட்டுவிட்டது.

அடுத்து, சரக்கறையின் மூலையில் 30,000 சதுர அடி தோல் தூசி படிந்து கிடக்கிறது. விசாரித்தால், ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வாங்கிய தனி நிறத் தோல். அந்த ஆர்டர் ரத்தாகிவிட்டது என்கின்றனர். வாங்கிய விலை ரூ.150, இப்போது விற்றால் ரூ.90தான் கிடைக்கும். சரக்கை அடக்க விலையிலோ, விற்றால் கிடைக்கும் நிகர விலையிலோ, எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் நியதி. சதுர அடிக்கு ரூ.60 வீதம் ரூ.18 லட்சம் குறைக்கப்பட வேண்டும்.

லாபத்தில் 5 சதவிகிதம், அதாவது ரூ.20 லட்சம் வரையிலான பிழை கணக்கைப் படிப்பவரின் முடிவை மாற்றாது என்று தணிக்கைக் குழு முன்னரே ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. இது வழக்கத்திலுள்ள அளவுகோல்களில் ஒன்று. ரூ.12 லட்சமும் ரூ.18 லட்சமும் தனித்தனியே அவ்வரம்புக்குள் அடங்குகின்றன, சேர்ந்தால் ரூ.30 லட்சமாகி அதைத் தாண்டுகின்றன. இனி நிர்வாகம் கணக்கைத் திருத்த வேண்டும். மறுத்தால் ஆடிட்டர் தமது அறிக்கையில் அக்குறையைக் குறிப்பிட்டே கையொப்பமிடுவார். சிறு பிழை என்று எதையும் குறிக்காமல் விடலாகாது, பிழைகளைக் கூட்டியும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அப்பட்டதாரி இங்கே கற்கிறார்.

அதே தொழிற்சாலைக்கு ஆகஸ்ட் மாதம் உள் தணிக்கையாளராகச் செல்பவரின் வேலையைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட மாடல் ஷூவுக்கு ஜோடி ஒன்றுக்கு 2.2 சதுர அடி தோல் போதும் என்பது தொழிற்சாலையின் நிர்ணயம். மாதம் 20,000 ஜோடிக்கு 44,000 சதுர அடி ஆக வேண்டும். சரக்கறையிலிருந்து வழங்கப்பட்டதோ 46,000 சதுர அடி. மிகை 2,000 சதுர அடி, ரூ.150 வீதம் மாதம் ரூ.3 லட்சம், ஆண்டுக்கு ரூ.36 லட்சம்.

வெட்டும் பிரிவினர் தோலை வீணாக்குகின்றனர் என்று மேலாளர் சொல்வார். உள் தணிக்கையாளர் அதை எழுதிக்கொள்வார். அதையே முடிவாகக் கொள்ளமாட்டார். வெட்டும் மேசையருகே நின்று கழிவை எடையிட்டுப் பார்க்கிறார். கழிவு வழக்கமான அளவுதான். பின்பு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் சென்று தோல் வந்திறங்கும் வாயிலை அடைகிறார். கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். மூன்றிலும் ஒரே அளவு, புள்ளி பிசகாமல் இருக்கிறது. அனுபவமற்றவர் இதைக் கண்டு மகிழ்வார், அனுபவமுள்ளவர் ஐயுறுவார். தோலை மெய்யாகவே மறுபடி அளந்திருந்தால் சிறு வேறுபாடேனும் இருந்திருக்கும். வாயிலில் இருப்பவர் அளக்கவில்லை. பில்லில் உள்ள அளவைப் பார்த்தே வரவுச் சீட்டில் எழுதிவந்திருக்கிறார்.

அம்மாடலுக்குத் தோல் வழங்குபவர் ஒருவரே. அவரது கட்டுகளில் 25ஐத் தேர்ந்து அளவு இயந்திரத்தில் இட்டால், 100 சதுர அடி என்று பில்லிட்ட இடத்தில் 96 சதுர அடியே இருக்கிறது. மாதம் 46,000 சதுர அடிக்கு இக்குறை 1,840 சதுர அடி. எஞ்சிய 160 சதுர அடி வெட்டுவதில் இயல்பாக ஏற்படும் ஏற்ற இறக்கம். வெட்டும் பிரிவினர் மீது சுமத்தப்பட்ட பழி நீங்கியது. காரணம் வாயிலில் இருந்தது.

இவ்விழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.33 லட்சம். வெளித் தணிக்கையின் ரூ.20 லட்ச வரம்பைவிட இது பெரிது. ஆயினும் அங்கே பிழையாகத் தென்படவில்லை. காரணம் எளியது. பில் உண்மை, பணம் கொடுத்ததும் உண்மை, இருப்பில் இல்லாதது நுகர்வாக எழுதப்பட்டதும் கணக்குப்படி சரி. லாபம் குறைந்தது, ஆனால் குறைந்த லாபம் சரியாகவே காட்டப்பட்டது. கணக்கு சரியாக இருக்கும்போதே வியாபாரம் ஒழுகிக்கொண்டிருக்க முடியும் என்பதை உள் தணிக்கையே கற்பிக்கிறது.

இதன் அறிக்கை எழுதும் முறையும் தனி. கண்ட நிலை என்ன, இருக்க வேண்டிய நியதி என்ன, காரணம் என்ன, விளைவு எவ்வளவு, செய்ய வேண்டியது என்ன என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் சென்று, வாயிலில் அளக்கிறார்களா என்று பார்த்த பின்னரே அந்தக் குறிப்பு முடிவுற்றதாகக் கொள்ளப்படும்.

எதில் தொடங்குவது?

நமது கருத்தைத் தெளிவாகவே கூறிவிடுகிறோம். புதிய பட்டதாரி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை வெளித் தணிக்கையில் கழித்து, பின்னர் விரும்பினால் உள் தணிக்கைக்குச் செல்வது நலம்.

தொழிற்சாலை வாயிலில் மூன்று தாள்களும் பொருந்தியதைக் கண்டு ஐயுற்றாரே, அந்த ஐயம் கல்லூரியில் கிடைப்பதன்று. ஓராண்டில் பல நிறுவனங்களுக்குச் சென்று, துணிக்கடை, அரிசி ஆலை, மருத்துவமனை, வங்கிக் கிளை எனப் பலவகைக் கணக்குகளைப் பார்த்து, எது இயல்பு, எது இயல்பன்று என்று கண் பழகிய பின்னரே அது வரும். ஒரே நிறுவனத்தில் தொடங்குபவர் அங்குள்ள வழக்கத்தையே இயல்பு என்று எண்ணிவிட நேரும்.

எது சான்று, எது சான்றாகாது என்பதையும் வெளித் தணிக்கையே அழுத்தமாகக் கற்பிக்கிறது. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர், தமது கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் ரூ.5,040 கோடி உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். வங்கி இருப்பைச் சரிபார்ப்பது தணிக்கையின் முதல் பாடம். ஆடிட்டரே வங்கிக்கு நேராக எழுதி, பதிலை நேராகத் தமது அலுவலகத்துக்கே பெற வேண்டும். கம்பெனி தன் கையால் கொண்டுவந்து தரும் வங்கிக் கடிதம் அழகாக முத்திரையிடப்பட்டிருந்தாலும் அதே மதிப்புடையதன்று. இவ்வேறுபாட்டை இருபத்திரண்டு வயதில் கற்றவர் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார்.

உள் தணிக்கையின் வலிமைக்கு அமெரிக்காவின் வோர்ல்ட்காம் நிறுவனம் சான்று. பிற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதி, லாபத்தைப் பெருக்கிக் காட்டியிருந்தனர். 2002இல் அதை வெளிக்கொணர்ந்தவர் அந்நிறுவனத்தின் உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பர். அவ்வாண்டு ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட தொகை 380 கோடி டாலர். அவரது பிரிவு நிதித்துறைத் தலைவரின் கீழ் இருந்தது; ஆய்வைத் தள்ளிப்போடும்படி சொன்னவரும் அவரே. கூப்பர் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் நேராகச் சென்றதால்தான் உண்மை வெளிவந்தது. அவர் அந்நிறுவனத்தில் சேருமுன் வெளித் தணிக்கை நிறுவனங்களில் பணியாற்றியவர் என்பதையும் நம் பிள்ளைகள் கருதிப் பார்க்கலாம்.

இதற்கு விலக்கும் உண்டு. சி.ஏ. படிக்கும் எண்ணமில்லாதவர், வீட்டுச் சூழலால் உடனே நிலையான சம்பளம் வேண்டியவர் ஆகியோருக்கு நல்ல உள் தணிக்கைப் பிரிவுள்ள பெரிய நிறுவனம் கிடைத்தால் அதை மறுக்க வேண்டியதில்லை. வெளித் தணிக்கையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலை நெருக்கடி மிகுதி. வெளியூர்ப் பயணமும் உண்டு. தொடக்க வருவாய் குறைவு. உள் தணிக்கையில் வேலை ஆண்டு முழுவதும் பரவியிருக்கும். அங்கிருந்தே சி.ஐ.ஏ. என்னும் உலக அளவிலான உள் தணிக்கைத் தேர்வை எழுதலாம். அது மூன்று பாகங்கள் கொண்டது. தேர்வில் தேறினாலும் இளங்கலைப் பட்டதாரி இரண்டாண்டு அனுபவம் காட்டிய பின்னரே சான்றிதழ் கிடைக்கும்.

சி.ஏ. எண்ணமுள்ளவர் அறிய வேண்டியது ஒன்று. வணிகவியல் பட்டத்தில் குறைந்தது 55 சதவிகிதம் பெற்றவர் முதல்நிலைத் தேர்வின்றி நேராக இண்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். 2023இல் வந்த புதிய முறைப்படி, இண்டர்மீடியட்டின் இரு பிரிவுகளிலும் தேறிய பின்னரே இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி தொடங்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பள உதவியாளராகச் சேர்வதும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் ஒன்றல்ல. எதில் சேர்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்

பெற்றோர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இதுவே. ‘உள் தணிக்கை’ என்று பெயர் சூட்டிய பணிகள் பலவற்றில், பணம் கொடுக்குமுன் பில்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதே வேலையாக இருக்கிறது. அது கணக்குப் பிரிவின் அன்றாடப் பணி, தணிக்கையன்று. பில்லில் தாமே ஒப்பமிட்டவர் அதன் குறையைச் சுதந்திரமாக ஆராய இயலாது. மூன்றாண்டு அதில் கழித்தவர், அடுத்த நேர்முகத் தேர்வில் தாம் எழுதிய ஓர் அறிக்கையைக்கூடக் காட்ட முடியாமல் நிற்பார்.

ஆகவே நேர்முகத் தேர்வில் பணிவோடு மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஆண்டுக்கான தணிக்கைத் திட்டம் உண்டா? அறிக்கை யாரிடம் செல்கிறது? சென்ற ஆண்டு சுட்டிய குறைகள் தீர்ந்தனவா என்று திரும்பிப் பார்ப்பது யார்? அறிக்கை தணிக்கைக் குழுவுக்கோ இயக்குநர் குழுவுக்கோ செல்கிறதென்றால் அது மெய்யான உள் தணிக்கை. கணக்கு மேலாளரோடு நின்றுவிடுகிறதென்றால், எந்த மேலாளரின் வேலையைச் சோதிக்கிறோமோ அவரே அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நிலை வரும்.

வெளித் தணிக்கையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. சில ஆடிட்டர் அலுவலகங்களில் புதியவர் ஆண்டு முழுவதும் ஜி.எஸ்.டி. படிவமும் வருமான வரிப் படிவமும் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பார். அதுவும் கற்கத்தக்க வேலையே. ஆனால் அது தணிக்கை அனுபவமாகாது. கம்பெனித் தணிக்கைகள் எத்தனை நடக்கின்றன, சரக்கு எண்ணிக்கைக்கு அனுப்புவார்களா, செய்த சோதனைகளைத் தாமே எழுதிக் கோப்பில் வைக்க விடுவார்களா, அதை மூத்தவர் படித்துத் திருத்துவாரா என்று கேட்டறிய வேண்டும். தாம் எழுதியதை ஒருவர் சிவப்பு மையால் திருத்தித் தரும் இடமே புதியவருக்கு ஏற்ற இடம்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணும் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். அங்கே வேலை கொடுப்பவர் எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்பதோடு, எந்தெந்தத் தொழில்களைப் பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்றும் கேட்பார். அதற்குச் சொல்ல விடை இருக்க வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்து, சென்ற தொழில், செய்த சோதனை, கண்ட குறை, அதன் காரணம் ஆகியவற்றை நிறுவனத்தின் பெயரோ இரகசியமோ இன்றி எழுதி வாருங்கள். வாடிக்கையாளரின் இரகசியம் அமானிதம். அதைக் காப்பது இப்பணியின் முதல் நிபந்தனை.

இவ்வாண்டு தேறியுள்ள பிள்ளைகள் தங்களுக்கு வந்துள்ள பணிக் கடிதங்களைக் கல்விக் குழுவிடம் கொண்டுவந்து காட்டினால், மேற்சொன்ன கேள்விகளை வைத்து ஒவ்வொன்றையும் உடன் அமர்ந்து பார்த்துக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம்.